மேலே மேலே திருத்திய டெலிபோன் நோட்டைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

இருபது முப்பது வருடம் கைமாறாமல் புழங்கிய டெலிபோன் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்ய உட்கார்ந்தால், பத்துப் பெயர் தாண்டுவதற்குள் கை நின்றுவிடும். ஒரே எண்ணின் மேல் இன்னொரு எண் ஏறியிருக்கும். 'M' எழுத்துப் பகுதியில் இடம் தீர்ந்துபோய், இரண்டு வரிக்கு நடுவில் ஒருவர் நுழைந்திருப்பார். அவருடைய முகவரி ஓரத்தில் செங்குத்தாக ஏறிப் போயிருக்கும்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, போனை எடுத்து ஒவ்வொரு பெயராக நேரே 'காண்டாக்ட்'டில் சேர்ப்பது. நோட்டில் ஒருவருக்கு மூன்று காலத்து மூன்று எண்கள் இருக்கலாம். காண்டாக்டில் சேர்வதோ, அந்த நேரத்தில் உங்கள் கண்ணுக்குப் பட்ட ஒன்று. அது தவறென்று பின்னால் தெரிந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தேடக்கூட வழியிருக்காது. ஆகவே முதலில் நோட்டில் உள்ளது உள்ளபடி ஒரு அட்டவணைக்கு வரட்டும். எது இன்றைய எண் என்ற தீர்ப்பைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம். இந்தக் கட்டுரையின் வரிசை அதுதான்.

செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கேமரா உள்ள போன், சிறிய டார்ச், நோட்டின் அளவுக்கு ஒரு கருப்புத் தாள், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் போதும். நேரம்தான் செலவு. முந்நூறு பெயர் உள்ள நோட்டுக்குப் படமெடுக்க இரண்டு மணி நேரம் ஆகும். திருத்தல் நிறைந்த பக்கங்களில் மணிக்கு இருபது, இருபத்தைந்து பெயருக்கு மேல் போகாது. மூன்று வார இறுதிகளை ஒதுக்கிவிடுங்கள்.

1. நோட்டைக் கலைக்காதீர்கள்

உள்ளே செருகிய துண்டுத் தாள்கள், விசிட்டிங் கார்டுகள், கிழித்த உறை எல்லாம் எந்தப் பக்கத்தில் இருக்கின்றனவோ அங்கேயே இருக்கட்டும். ஒரு துண்டுத் தாளில் பெயரில்லாமல் வெறும் எண் இருந்தால், அது யாருடையது என்பதற்கு அது கிடந்த பக்கம்தான் ஒரே சாட்சி. முதலில் அந்த இடத்தில் வைத்தே ஒரு படம், பிறகு வெளியே எடுத்து முன்னும் பின்னும் ஒவ்வொரு படம், பிறகு திரும்ப அதே இடத்தில் செருகுங்கள்.

நோட்டில் பக்க எண் எழுதாதீர்கள், பென்சிலால்கூட வேண்டாம். எண் படத்தின் பெயரில் இருந்தால் போதும். எம் பகுதியின் மூன்றாம் பக்கம் என்றால் `M-3`. அதில் மேலிருந்து ஏழாவது பதிவு `M-3-07`. இந்தக் குறி கடைசிவரை அந்தப் பதிவோடு போகும்.

எழுதியவர் உங்களோடு இருக்கிறார் என்றால் அவரை விடப் பெரிய துணை கிடையாது. ஆனால் படமெடுக்கும் முன் நோட்டை அவர் கையில் கொடுக்காதீர்கள். தவறான எண்ணைப் பார்த்ததும் பழக்கத்தில் பேனாவை எடுத்து அதன் மேலேயே இன்னொரு முறை திருத்திவிடுவார். படங்களைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்து அதில் குறிக்கச் சொல்லுங்கள்.

2. ஒரு பக்கத்துக்கு இரண்டு படம்

முதல் படம் பரவலான வெளிச்சத்தில். ஜன்னலோரம் போதும், நேர் வெயில் வேண்டாம். பக்கத்தின் அடியில் கருப்புத் தாளை வையுங்கள். மெல்லிய தாளில் மறுபக்கத்து மை தெரிவது, கீழே உள்ள வெள்ளைப் பக்கத்தில் பட்டு வெளிச்சம் திரும்பி வருவதால்தான். கருப்புத் தாள் அதைக் குறைத்துவிடும். மறுபக்கத்து 1 இந்தப் பக்கத்து 3-உடன் சேர்ந்து 8 போலத் தெரியும் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

இரண்டாவது படம் சாய்வெளிச்சத்தில். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கத்தின் இடது ஓரத்தில் கிட்டத்தட்ட தாளோடு தாளாகப் படுக்க வைத்து அடியுங்கள். பேனா அழுத்தியதால் விழுந்த பள்ளங்கள் நிழலாக எழும்பும். அழித்துவிட்ட பென்சில் எழுத்துகூட இந்த வெளிச்சத்தில் சில நேரம் படிக்க வரும். திருத்தல் உள்ள இடங்களுக்கு மட்டும் டார்ச்சை மேல் ஓரத்துக்கு மாற்றி இன்னொரு படம் எடுங்கள். ஒளி வரும் திசையிலேயே ஓடும் பள்ளத்துக்கு நிழல் விழாது என்பதால், ஒரு திசையில் காணாத கோடு மறு திசையில் தெரியும்.

பக்க ஓரத்தில் ஆங்கில எழுத்துக்காகப் படிபோல் வெட்டிய இடங்களின் மேலும், தையலை ஒட்டிய மடிப்பிலும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இடம் போதாதபோது கடைசி இரண்டு இலக்கம் போய் ஒளிவது அங்கேதான். நோட்டை முழுக்க விரிக்காமல் பாதி திறந்து, சாய்வாக ஒரு படம் எடுத்தால் மடிப்புக்குள் உள்ளது வந்துவிடும்.

3. அட்டவணையை முதலில் தயார் செய்யுங்கள்

ஒரு பெயருக்கு ஒரு வரி என்று வைத்தால் சிக்கிக்கொள்வீர்கள். ஒரு எண்ணுக்கு ஒரு வரி என்று வையுங்கள். ஒருவருக்கு மூன்று எண் என்றால் ஒரே குறியோடு மூன்று வரி. பத்திகள் இவ்வளவு போதும்: பதிவுக் குறி, நோட்டில் உள்ளபடி பெயர், எண், அடுக்கு, மை, முகவரி, உறுதியா இல்லையா, குறிப்பு. அடுக்கு என்றால் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதியதில் அந்த எண் எத்தனையாவது என்பது.

தட்டச்சு தொடங்குவதற்கு முன்னால் எண் பத்தியையும் முகவரிப் பத்தியையும் தேர்ந்து `Format Cells` போய் `Text` ஆக்குங்கள். எண்களை உள்ளிட்ட பிறகு மாற்றினால் பயனில்லை. முன்னால் உள்ள பூஜ்யம் அதற்குள் உதிர்ந்திருக்கும். நாட்டுக் குறியீட்டோடு வரும் பன்னிரண்டு இலக்க எண் `9.1E+11` என்பதுபோல் சுருங்கி நிற்கும். முகவரியில் அதைவிட மோசம்: கதவு எண் 12/5 என்று அடித்தால் அது தேதியாகி `12-May` என்று மாறிவிடும். இப்படி மாறியதை முந்நூறு வரிக்கு நடுவில் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

தெரியாத இலக்கத்துக்கு `?` போடுங்கள். இரண்டில் ஒன்று என்றால் `[3|8]`. ஊகித்து நிரப்புவதைவிட ஒரு கேள்விக்குறி எவ்வளவோ மேல், பிறகு தேடிப் பிடிக்கலாம். நோட்டில் கோடு போட்டு அடித்த எண்ணையும் விடாமல் எழுதி, குறிப்பில் 'அடித்தது' என்று போடுங்கள்.

4. எழுதியவரின் இலக்கங்களுக்கு ஒரு மாதிரித் தாள்

திருத்தலே இல்லாத பதிவுகளிலிருந்து 0 முதல் 9 வரை ஒவ்வொன்றுக்கும் ஐந்து மாதிரிகளைப் படத்திலிருந்து வெட்டி ஒரே தாளில் ஒட்டுங்கள். அரைமணி நேர வேலை. இவர் 7-க்குக் குறுக்குக்கோடு போடுவாரா, 1-க்குத் தலையில் கொக்கி உண்டா, 4-இன் தலை திறந்ததா மூடியதா, 9-இன் வால் வளைவா நேரா என்பது பார்த்தவுடனே தெரியவேண்டும். நோட்டு நீண்ட காலத்தது என்றால் பழைய பதிவுகளுக்கு ஒன்று, புதியவற்றுக்கு ஒன்று என இரண்டு தாள் செய்யுங்கள். வயதோடு கையெழுத்து மாறும், நடுக்கம் சேரும். முப்பது வருடத்துக்கு முந்தைய 4-ஐ வைத்து இன்றைய 9-ஐத் தீர்மானிக்கக் கூடாது.

5. எண்ணின் மேல் எண்: அடுக்குகளைப் பிரிப்பது

வேலையின் உயிர் இங்கேதான். அவசரப்படாதீர்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இரண்டு மை குறுக்கிடும் இடத்தில் அடர்ந்த நிறம்தான் மேலே இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். நீலத்துக்கு அடியில் கருப்பு இருந்தாலும் கருப்பே மேலே என்று தோன்றும். ஆகவே நிறத்தைப் பார்த்து முன்பின் சொல்லாதீர்கள். நம்பத் தகுந்தவை வேறு இரண்டு.

ஒன்று, வடிவம். ஒருவர் ஓர் இலக்கத்தின் மேலேயே திருத்துகிறார் என்றால், கோடு சேர்த்தால் புதிய இலக்கம் கிடைக்கும் என்பதால்தான். 1 என்பது 4, 7, 9 ஆகலாம். 3 என்பது 8 ஆகலாம். 0 என்பது 6 அல்லது 9 ஆகலாம். 5 என்பது 6 ஆகலாம். திருப்பிச் செய்ய முடியாது: எழுதிய 8-ஐ எந்தக் கோடு சேர்த்தும் 3 ஆக்க முடியாது. ஆகவே '3-உம் 8-உம் கலந்ததுபோல்' தெரியும் இலக்கத்தில் பெரும்பாலும் 3 பழையது, 8 புதியது. சேர்த்து முடிக்க முடியாத இடத்தில், உதாரணமாக 2-ஐ 5 ஆக்க வேண்டிய இடத்தில், புதியதை இரண்டு மூன்று முறை அழுத்தி வரைந்து வெல்ல வைப்பார்கள். பலமுறை போன தடம் எந்த இலக்கத்தின் வடிவமோ அதுவே புதியது. சாய்வெளிச்சப் படத்தில் பள்ளம் ஆழமாக இருக்கும். தாளைத் திருப்பி விரல் நுனியால் தடவினால் அங்கே மேடு தட்டுப்படும்.

இரண்டு, பேனா. திருத்தலும் அடியில் உள்ளதும் ஒரே பேனா என்றால், எழுதும்போதே கை தவறித் திருத்தியது அது. அங்கே 'பழைய எண்' என்று ஒன்று கிடையாது. அதைத் தனி அடுக்காக எழுதாதீர்கள். வேறு பேனா என்றால்தான் பிற்காலத் திருத்தம். இந்த வேறுபாட்டைத் தவறவிட்டு இல்லாத எண்களை உண்டாக்கிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும்.

நீலமும் கருப்பும் கலந்திருந்தால் கணினி உதவும். படத்தைப் படத் திருத்த நிரலான `GIMP`-இல் திறந்து `Colors > Components > Decompose` போய் `RGB` என்று பிரியுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சாம்பல் படங்கள் கிடைக்கும். நீலப் படத்தில் நீல மை வெளிறிப் போகும், கருப்பு மட்டும் நிற்கும். சிவப்புப் படத்தில் இரண்டுமே கருமையாக நிற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிவப்பு மையால் திருத்தியிருந்தால் சிவப்புப் படத்தில் அது வெளிறி, அடியில் உள்ளது தெரியும்.

ஒரு பதிவை முழுதாகப் பார்ப்போம். `M-3-07`, பெயர் 'மீனா அக்கா'. எண் ஆறு இலக்கம். முதல் மூன்று திருத்தமில்லாமல் நீலத்தில் தெளிவாக இருக்கின்றன. அவற்றை இங்கே புள்ளிகளாக விடுகிறேன். நான்காவது 8 போலவும் 3 போலவும் இருக்கிறது. ஐந்தாவது 4, அதன் செங்குத்துக் கோடு மட்டும் தடித்திருக்கிறது. ஆறாவது 6, அதுவும் ஏதோ அழுத்தித் திருத்தியது. இவற்றுக்கு முன்னால், ஓரக்கோட்டைத் தாண்டி வெளியே, பொடியாக ஒரு 2.

நீலப் படத்தில் நான்காவது இலக்கத்தின் இடப் பாதி மட்டும் நிற்கிறது, வலப் பாதி வெளிறிவிட்டது. அப்படியானால் நீலத்தில் எழுதிய 3-க்குக் கருப்பால் இடப்பக்கம் மூடி 8 ஆக்கியிருக்கிறார். ஐந்தாவதில் சாய்ந்த கையும் குறுக்குக்கோடும் கருப்பு, செங்குத்து நீலம். 1-ஐ 4 ஆக்கியது. ஆறாவதில் கருப்பே இல்லை, முழுக்க வெளிறிவிட்டது. சிவப்புப் படத்தில் பார்த்தால் 0-வின் மேல் 6, இரண்டும் அதே நீலம். இது எழுதும்போது கை தவறியது, அடுக்கு அல்ல.

மிச்சம் அந்தப் பொடி 2. அது கருப்புதான், ஆனால் லென்ஸில் பார்த்தால் 8-ஐயும் 4-ஐயும் திருத்திய பேனாவைவிட மெல்லிய முனை, மையில் திட்டுத் திட்டான எண்ணெய்த்தன்மை இல்லை. நோட்டை முழுக்கப் புரட்டினால் அதே மெல்லிய கருப்பு 2 நாற்பது எண்களுக்கு முன்னால் ஒரே சாய்வில் இருக்கிறது. ஒரே நாளில் உட்கார்ந்து போட்டது என்பது தெளிவு. தொலைபேசி எண்களுக்கு ஓர் இலக்கம் கூட்டியபோது செய்த வேலை. ஆக அடுக்கு இரண்டல்ல, மூன்று:

```
M-3-07,மீனா அக்கா,...316,1,நீலம்,,,பழைய எண்
M-3-07,மீனா அக்கா,...846,2,கருப்பு தடி,,,திருத்தியது
M-3-07,மீனா அக்கா,2...846,3,கருப்பு மெல்லிசு,,,முன்னால் 2 சேர்த்தது
```

அந்த 2-ஐக் கவனிக்காமல் விட்டிருந்தால் ஆறு இலக்கத்தோடு முடிந்திருக்கும். பழைய எண்ணோடு சேர்த்திருந்தால் எந்தக் காலத்திலும் இல்லாத ஓர் எண் உருவாகியிருக்கும்.

இப்படி மொத்தமாக இலக்கம் கூட்டிய நாள் நோட்டுக்கே ஒரு காலக்கோடு. அதற்குப் பின் எழுதிய எண்களில் அந்த இலக்கம் வரியோடு வரியாக, சம இடைவெளியில் இருக்கும், ஓரத்தில் இடுக்கியிருக்காது. லண்டனில் இருப்பவர்களின் எண்கள் நோட்டில் இருந்தால் இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். அங்கே 01 என்ற குறியீடு 1990-இல் 071, 081 என்று பிரிந்தது. 1995-இல் 0171, 0181 ஆனது. 2000-இல் 020 ஆனது. ஓர் எண் 071 என்று தொடங்கினால் அது எந்த ஐந்து வருடத்தில் எழுதியது என்பது அதிலேயே இருக்கிறது, அதே பேனாவில் உள்ள பக்கத்துப் பதிவுகளுக்கும் அது ஓர் அடையாளம்.

6. இடுக்கி எழுதிய பதிவு யாருடையது?

இரண்டு பெயருக்கு நடுவில் நுழைந்த முகவரி மேலே உள்ளவருக்கா, கீழே உள்ளவருக்கா என்ற கேள்வி அடிக்கடி வரும். ஒரே விதி: பின்னால் எழுதியது முன்னால் இருப்பதற்கு வழிவிட்டு வளையும். எந்த வரி வளைந்து, சுருங்கி, எழுத்து சிறுத்துப் போகிறதோ அதுவே பிந்தியது. வளைந்த வரியின் தொடக்கத்தைப் பிடித்துப் பின்னால் போனால் அது கிளம்பிய பெயர் கிடைக்கும். மையும் ஒத்துப்போனால் எழுதிக்கொள்ளுங்கள். ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பதிவிலும் எழுதி, உறுதியில்லை என்று குறியுங்கள்.

அடுத்தது, பெயர் ஏன் அந்த எழுத்தின் கீழ் வந்தது என்பது. ஆங்கில எழுத்து வெட்டிய நோட்டில் தமிழ்ப் பெயர்கள் எஸ், எம், கே, ஆர், வி, பி ஆகியவற்றில் குவிந்து வழியும். க்யூ, எக்ஸ், இசட், யூ பக்கங்கள் காலியாகக் கிடக்கும். எஸ் நிரம்பியதும் மிச்சப் பெயர்கள் போய் உட்காருவது அங்கேதான். எக்ஸ் பக்கத்தில் 'சரோஜா'வைக் கண்டால் குழம்ப வேண்டாம். எஸ் பகுதியின் கடைசிப் பக்கத்தில் ஒரு அம்புக்குறியோ 'பின்னால் பார்க்க' என்றோ இருக்கும். இல்லாவிட்டாலும் அது எஸ்-இன் தொடர்ச்சிதான்.

மற்றபடி ஒரே ஒலி இரண்டு எழுத்தில் போகும். 'காந்திமதி' ஜி-யிலும் கே-யிலும் இருக்கலாம். 'தனம்' என்பதை Thanam என்று எழுதினால் T-யிலும், Dhanam என்று எழுதினால் D-யிலும் வரும். 'லட்சுமி' எல்-இலும், 'இலட்சுமி' ஐ-யிலும். சிலர் தலைப்பெழுத்தைக் கொண்டு போடுவார்கள், சிலர் பெயரைக் கொண்டு. 'சித்தப்பா' சி-யில், எலக்ட்ரீஷியன் ஈ-யில், பெயரே இல்லாமல். ஊர்ப் பெயரில் போட்டவர்களும் உண்டு. ஆகவே ஒரே ஆள் மூன்று இடத்தில் வரலாம். அவர்களை இப்போது ஒன்றாக்காதீர்கள். மூன்று பதிவாகவே இருக்கட்டும். குறிப்பில் மற்ற இரண்டின் குறியை மட்டும் எழுதுங்கள். மூன்றில் ஓரிடத்தில் மட்டும் எண்ணைத் திருத்தி மற்ற இரண்டை மறந்துவிட்டிருப்பார். திருத்திய இடத்தை நம்புங்கள், திருத்தாத இடம் அடியில் இருந்த பழைய எண்ணைப் படிக்க உதவும். மேலெழுதி மறைந்துபோன எண், இன்னொரு பக்கத்தில் அப்பழுக்கில்லாமல் கிடைப்பது பலமுறை நடக்கும்.

எண்ணுக்குப் பக்கத்தில் பி.பி. என்று இருந்தால் அது அவருடைய போன் அல்ல, பக்கத்து வீட்டுக்காரருடையது. அப்படியே குறிப்பில் எழுதுங்கள். ஆர், ஓ என்றால் வீடு, அலுவலகம்.

7. சரிபார்ப்பு

தட்டச்சு செய்தவரே சரிபார்த்தால் தான் எழுதியதையே திரும்பப் படிப்பார். இன்னொருவர் படத்தைப் பார்த்து இலக்கங்களைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசிக்க, நீங்கள் அட்டவணையைப் பாருங்கள். பின்னிருந்து வாசிக்கும்போது பழகிய எண் என்று வாய் தானாக ஓடாது. 4732-க்குப் பதில் 4372 என்று இடம் மாறியது இப்படித்தான் பிடிபடும். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் நோட்டில் எத்தனை பதிவு, அட்டவணையில் எத்தனை குறி என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால் அது பெரும்பாலும் மடிப்பிலோ படியின் மேலோ எழுதியது.

சந்தேகம் தீராத எண்களுக்குப் பழைய கடித உறைகள், கல்யாணப் பத்திரிகைகள், அதே வீட்டில் உள்ள பழைய டைரிகளை எடுத்துப் பாருங்கள். முகவரி பொருந்தினால் எண்ணின் காலம் தெரிந்துவிடும்.

போன் போட்டுச் சரிபார்ப்பதைக் கடைசிக்கு வையுங்கள், அதுவும் மேல் அடுக்கில் உள்ள எண்ணுக்கு மட்டும். பயன்பாட்டில் இல்லாமல் போன எண்களைத் தொலைபேசி நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். ஆகவே யாராவது எடுத்தார்கள் என்பதாலேயே எண் சரி என்றாகாது. நோட்டில் உள்ள பெயரையும் ஊரையும் நீங்களே சொல்லிவிடாமல், யார் பேசுகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் காலமாகியிருக்கலாம், எடுப்பவர் அவருடைய வீட்டார் என்றால் அந்தப் பேச்சுக்கு நேரம் ஒதுக்கி வையுங்கள். ஒரு நாளைக்குப் பத்து அழைப்புக்கு மேல் வேண்டாம்.

8. போனுக்கு மாற்றுவது

சரி என்று உறுதியான வரிகளை மட்டும் தனிக் கோப்பாகப் பிரியுங்கள். எக்ஸெலில் சேமிக்கும்போது `CSV UTF-8` என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் `CSV` என்றால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். ஏற்றும்போது குறிப்புப் பத்தியில் பதிவுக் குறியையும் சேர்த்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து யாராவது 'இந்த நம்பர் எங்கிருந்து வந்தது' என்று கேட்டால் `M-3-07` என்று பார்த்து நேரே அந்தப் பக்கத்துக்குப் போய்விடலாம்.

முதலில் ஐந்து பெயரை மட்டும் ஏற்றிப் பாருங்கள். பெயர், எண், முன்னால் உள்ள பூஜ்யம், கூட்டல் குறி நான்கும் சரியாக வந்தால் மற்றவற்றை ஏற்றலாம். முழு அட்டவணையையும் அடுக்குகளோடும் அடித்த எண்களோடும் ஏற்றாதீர்கள். அந்த எண்களில் பல இன்று முன்பின் தெரியாத யாரோ ஒருவருடையவை. போனில் காண்டாக்ட் அனுமதி கொடுத்த செயலிகள் அந்த முழுப் பட்டியலையும் படித்துக்கொள்ளும்.

முழு அட்டவணையும் படங்களும் ஒரே கோப்புறையில் இரண்டு இடத்தில் இருக்கட்டும். நோட்டைச் செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள், பசை மஞ்சளித்து மையைக் கறையாக்கும். தையல் விட்டுப்போன பக்கம் இருந்தால் அதை அதன் இடத்திலேயே செருகி, நோட்டு முழுவதையும் ஒரு காகித உறைக்குள் வைத்து, மேலே கோப்புறையின் பெயரையும் படமெடுத்த தேதியையும் எழுதிவிடுங்கள்.